காரணம் தெரியாத காய்ச்சலும் கைக்குழந்தையின் சிறுநீரும்

ஊருக்குத் திரும்பி வந்த முதல் மாதங்களில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், காரணம் சொல்ல ஆட்களுக்குக் குறைவிருக்காது. பல் முளைக்கிறது என்பார் ஒருவர். தண்ணீர் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை என்பார் இன்னொருவர். பஸ்ஸில் வந்த அலைச்சல், தகரக் கொட்டிலின் வெக்கை, நாவூறு என்று பட்டியல் நீளும். இருமல், சளி, வயிற்றோட்டம், காதில் சீழ் என்று ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் வைத்தியர் அதைக் கொண்டு காரணத்தைப் பிடித்துவிடுவார். எதுவும் தெரியாமல் காய்ச்சல் மட்டும் காய்ந்துகொண்டிருந்தால் அவர் கேட்கும் முதற் பரிசோதனைகளில் ஒன்று சிறுநீர்ப் பரிசோதனை.

"காய்ச்சலுக்கும் சலத்துக்கும் என்ன தொடர்பு?" என்று பல தாய்மார் கேட்கிறார்கள். தொடர்பு உண்டு. இரண்டு வயதுக்குக் குறைந்த, வேறு காரணம் எதுவும் தெரியாமல் காய்ச்சலுடன் வரும் 100 குழந்தைகளை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 5 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமித்தொற்று இருக்கும். அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க, சரியான முறையில் எடுத்த சிறுநீர் வேண்டும். பிழையாக எடுத்த சிறுநீர், நோயில்லாத பிள்ளைக்கு நோய் இருப்பதாகக் காட்டலாம். நோயுள்ள பிள்ளையின் முடிவைக் குழப்பியும் விடலாம்.

குழந்தை எப்படிக் காட்டும்?

பெரியவர்களுக்குச் சிறுநீரில் தொற்று வந்தால் எரிவு, கடுப்பு, அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு வரும். அவர்கள் வாய்திறந்து சொல்வார்கள். கைக்குழந்தை அப்படிச் சொல்லாது. அதனிடம் நீங்கள் காண்பது காய்ச்சல் மட்டுமாகவே இருக்கலாம். சில குழந்தைகள் பால் குடிப்பதைக் குறைக்கும், சத்தி எடுக்கும், காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டிருக்கும், வழமையைவிட அதிகமாக உறங்கும். பிறந்து சில வாரங்களேயான குழந்தைக்குக் காய்ச்சல்கூட இல்லாமல், மஞ்சள் நிறம் நீண்ட நாட்கள் குறையாதிருப்பதோ எடை ஏறாதிருப்பதோ மட்டும் அடையாளமாக இருக்கலாம்.

சிறுநீரின் மணத்தையும் நிறத்தையும் வைத்து முடிவு செய்யவேண்டாம். தண்ணீர்ச் சத்துக் குறைந்த எந்தக் குழந்தையின் சிறுநீரும் மஞ்சளாக, மணத்துடன் போகும். தொற்றுள்ள குழந்தையின் சிறுநீர் தெளிவாகவும் இருக்கலாம்.

பல் முளைக்கும்போது இலேசான உடற்சூடு வரலாம், 38 பாகை செல்சியஸுக்கு (100.4 பாகை பரனைற்) மேல் போகும் காய்ச்சலுக்குப் பல்லைக் காரணம் சொல்லி வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 2, 4, 6 மாதங்களில் போடும் தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல் வருவது வழமை. அது பெரும்பாலும் ஊசி போட்ட 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, இரண்டு நாட்களுக்குள் விட்டுவிடும். அதற்குமேல் நீடித்தால் ஊசிக் காய்ச்சல் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

திரும்பி வந்த குடும்பங்கள் பெரும்பாலும் கிணற்றைத்தான் சந்தேகிக்கின்றன. பல வருடம் பாவிக்காத கிணற்றை இறைத்து, குளோரின் இட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது கட்டாயம் வேண்டும். ஆனால் அது வயிற்றோட்டத்தையும் அதுபோன்ற நோய்களையும் தடுப்பதற்கு. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் குழந்தையின் குடலிலேயே இருப்பது. ஈ.கோலை என்ற கிருமிதான் அதில் முதலிடம். மலத்துடன் வெளிவரும் இக்கிருமி, சிறுநீர் வெளியேறும் துவாரத்தின் வழியாக மேலேறிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. சிலவேளை அங்கிருந்து சிறுநீரகம் வரைக்கும் போகிறது.

பெண் குழந்தைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகியது என்பதால் கிருமிக்குப் பாதை கிட்டவாக இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில், முன்தோல் அகற்றப்படாத ஆண் குழந்தைகளுக்கும் இது கூடுதலாக வருகிறது. சில குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறும் பிறவிக் குறைபாடு உண்டு. அவர்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வரலாம். ஆகவே இது தாயின் கவனக்குறைவால் வந்த நோய் என்று யாரும் குறை சொல்ல இடமில்லை.

தொற்று சிறுநீரகத்தைத் தொட்டு, சிகிச்சை தாமதித்தால் அங்கே தழும்பு விழலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி நடப்பதில்லை. ஆனால் தழும்பு விழுந்த சிலருக்கு வளர்ந்தபின் இரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் மருந்தோடு முடிந்துவிடும் நோய் இது.

ஒரு குடும்பத்தின் ஐந்து நாட்கள்

நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். ஏழு மாதப் பெண் குழந்தை. வீடு வைத்தியசாலையிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பஸ் பயணத் தூரம். சனிக்கிழமை பின்னேரம் காய்ச்சல் தொடங்குகிறது. இருமல், சளி, வயிற்றோட்டம் எதுவும் இல்லை. பரசிற்றமோல் கொடுத்தால் குறைகிறது, ஐந்தாறு மணித்தியாலத்தில் திரும்பவும் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரம் பாலைச் சத்தி எடுக்கிறது. கிட்டவுள்ள மருத்துவரிடம் காட்டுகிறார்கள். டெங்குவுக்கான இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த அவர், சிறுநீரையும் நாளைக்கு ஆய்வுகூடத்தில் கொடுக்கச் சொல்கிறார்.

தாய் மருந்துக்கடையில் சிறுநீர் பிடிக்கும் ஒட்டுப்பை ஒன்றை வாங்குகிறார். இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்கு ஒட்டி, மேலே பம்பர்ஸும் போட்டு உறங்கவைக்கிறார். விடிய ஐந்து மணிக்குப் பையில் சிறுநீர் இருக்கிறது. கழுவிக் காயவைத்த பழைய பாணிமருந்துப் போத்தலில் அதை ஊற்றி, பையில் வைத்து, பஸ் ஏறி, எட்டரைக்கு ஆய்வுகூடத்தில் கொடுக்கிறார். அன்றே கிடைத்த சிறுநீர் அறிக்கையில் சீழ்க்கலங்கள் சில இருப்பதாக எழுதியிருக்கிறது. கிருமி வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு புதன்கிழமை வருகிறது: ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கிருமிகள் வளர்ந்துள்ளன, மாதிரி மாசடைந்திருக்கலாம், மீண்டும் எடுத்து அனுப்பவும்.

புதன்கிழமையும் காய்ச்சல் விடவில்லை. அதாவது ஐந்தாம் நாள். இடையில் பாட்டியார், முகாமில் இருந்தபோது மூத்த பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய அன்ரிபயோட்டிக் பாணி மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்றிருக்கிறார். தாய் கொடுக்கவில்லை. அவர் அன்று செய்த மிகச் சரியான காரியம் அதுதான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

குழந்தையை வைத்தியசாலை விடுதியில் சேர்க்கிறார்கள். அங்கே தாதி, தாய்க்குப் பக்கத்தில் நின்று, பிள்ளையைக் கழுவித் துடைத்து, போகும்போதே கிருமி நீக்கிய போத்தலில் சிறுநீரைப் பிடிக்கிறார். பதினைந்து நிமிடத்தில் அது ஆய்வுகூடத்தில் இருக்கிறது. மாதிரி போனவுடனேயே, முடிவுக்குக் காத்திராமல், மருந்து தொடங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வருகிறது: ஈ.கோலை என்ற ஒரே வகைக் கிருமி, ஒரு மில்லிலீற்றரில் ஒரு இலட்சத்துக்கு மேல். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் அறிக்கையில் இருக்கிறது. கொடுத்துவந்த மருந்து பொருத்தமானது என்று தெரிகிறது. காய்ச்சல் வியாழன் இரவே விட்டுவிட்டது.

முதல் மாதிரியில் எங்கே பிழைத்தது?

மூன்று இடத்தில்.

முதலாவது, பை. சிறுநீர்ப்பையில் இருக்கும் சிறுநீர், தொற்று இல்லாவிட்டால் கிருமியற்றது. ஆனால் குழந்தையின் தோலிலும் மலவாசலைச் சுற்றியும் கிருமிகள் எப்போதும் உண்டு. பை இரவு முழுவதும் தோலோடு ஒட்டியிருக்க, அந்தக் கிருமிகளெல்லாம் சிறுநீரில் கலந்துவிடுகின்றன. அறிக்கையில் பல வகைக் கிருமிகள் என்று வந்தால், அவை பெரும்பாலும் தோலிலும் மலத்திலும் இருந்து வந்தவை.

இரண்டாவது, போத்தல். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் மருந்துப் போத்தலிலும் ஜாம் போத்தலிலும் கிருமி இருக்கும். சவர்க்காரம் ஒட்டியிருந்தால் அதுவும் பரிசோதனையைக் குழப்பும்.

மூன்றாவது, நேரமும் சூடும். இது பலரும் அறியாதது. சிறுநீர் கிருமிக்கு நல்ல உணவு. எங்கள் காலநிலையில் வெளியே வைத்த சிறுநீரில் கிருமி அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். தோலிலிருந்து தவறிச் சேர்ந்தவை ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம்தான் என்றால், அரை மணியில் இரண்டாயிரம், ஒரு மணியில் நாலாயிரம், இரண்டு மணியில் பதினாறாயிரம், நாலு மணியில் இரண்டரை இலட்சத்துக்கு மேல். போகும்போதே பிடித்த சிறுநீரில் ஒரே வகைக் கிருமி ஒரு இலட்சம் இருந்தால்தான் பொதுவாகத் தொற்று என்று கொள்வார்கள். ஆகவே பையிலும் பஸ்ஸிலும் கழிந்த சில மணித்தியாலங்களே, நோயில்லாத பிள்ளையின் சிறுநீரை நோயுள்ளதாகக் காட்டப் போதும்.

பிழையான அறிக்கையால் வரும் நட்டம் இரண்டு பக்கமும் உண்டு. தொற்று இல்லாத பிள்ளைக்குத் தொற்று என்று வந்தால், தேவையில்லாத ஊசியும் மருந்தும் ஸ்கானும், வைத்தியசாலைக்கு அலைச்சலும், கூலி வேலை இழந்த நாட்களும் மிஞ்சும். அதைவிட மோசமாக, காய்ச்சலின் உண்மைக் காரணத்தைத் தேடுவது நின்றுபோகலாம். தொற்றுள்ள பிள்ளையின் அறிக்கை குழம்பினால், நாம் கண்ட குழந்தைக்கு நடந்ததுபோல் சிகிச்சை பிந்தும்.

சரியாக எடுப்பது எப்படி?

வீட்டில் எடுத்துக் கொண்டுவருவதைவிட, பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தியசாலையிலேயே எடுப்பதுதான் நல்லது. மின்சாரமும் குளிர்சாதனப் பெட்டியும் இல்லாத வீட்டில், பஸ் வரும்வரை சிறுநீரை வைத்திருக்க வழியில்லை. முறை இதுதான்:

1. கிருமி நீக்கிய போத்தலை வைத்தியசாலையிலோ ஆய்வுகூடத்திலோ கேட்டு வாங்குங்கள். தேவைப்படும் வரை மூடியைத் திறக்காதீர்கள். திறந்தபின் போத்தலின் உட்பக்கத்திலும் மூடியின் உட்பக்கத்திலும் விரல் படக்கூடாது.

2. பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுங்கள். பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்களில் சிறுநீர் போகும்.

3. உங்கள் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பிள்ளையின் கீழ்ப்பகுதியைச் சுத்தமான தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆறவைத்தது வேண்டும். பெண் பிள்ளைக்கு மடிப்புகளை மெதுவாக விரித்து, முன்னிருந்து பின்னாகத் துடைக்கவேண்டும். ஆண் பிள்ளைக்கு முன்தோலை இழுத்து விலக்கவேண்டாம். இந்த வயதில் அது ஒட்டியிருப்பது இயல்பு, வலிந்து இழுத்தால் காயமாகும். கிருமிநாசினித் திரவம் எதையும் பூசாதீர்கள். அது சிறுநீரில் கலந்தால் உண்மையில் இருக்கும் கிருமியும் வளராமல் போகும்.

4. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிள்ளையைக் கைகளின் கீழ் தாங்கிப் பிடிக்க, மற்றவர் திறந்த போத்தலுடன் காத்திருக்கவேண்டும்.

5. போகாவிட்டால், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றில் வட்டமாக மெதுவாகத் தடவுங்கள். ஐந்து நிமிடம் வரை செய்யலாம். பல குழந்தைகளுக்கு இது சிறுநீர் போகத் தூண்டுகிறது. போகாவிட்டால் பொறுத்திருந்து மீண்டும் முயலுங்கள்.

6. முதலில் வரும் சிறு அளவை நிலத்தில் விடுங்கள். அடுத்து வருவதைப் போத்தலில் பிடியுங்கள். போத்தல் தோலில் முட்டக்கூடாது. ஒரு மேசைக்கரண்டி அளவு போதும்; அதிலும் குறைவாகக் கிடைத்தாலும் கொட்டாமல் கொடுங்கள்.

7. உடனே மூடி, பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதுவியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண தட்டில் வைக்கலாம். உறையும் பகுதியில் வேண்டாம்.

பம்பர்ஸிலிருந்தும் பஞ்சிலிருந்தும் பிழிந்த சிறுநீர், பொட்டியிலிருந்தோ றப்பர் சீற்றிலிருந்தோ வழித்தெடுத்த சிறுநீர் ஆகியவை கிருமி வளர்ப்புக்கு உதவா. பிள்ளை மலமும் சேர்த்துக் கழித்துவிட்டால் அந்த மாதிரியை விட்டுவிட்டுத் திரும்ப எடுங்கள். பிசகிப்போனால் தாதியிடம் அதைச் சொல்லத் தயங்கவேண்டாம். பிழையான மாதிரியைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பதைவிட, இன்னும் அரை மணித்தியாலம் காத்திருப்பது மேல்.

பையும் மெல்லிய குழாயும்

ஒட்டுப்பை எப்போதும் பயனற்றது என்பதல்ல. பையில் எடுத்த சிறுநீரை உடனே சோதித்து எதுவும் இல்லை என்று வந்தால், தொற்று இருப்பதற்கான வாய்ப்புக் குறைவு என்று வைத்தியர் ஓரளவு நம்பலாம். ஆனால் ஏதாவது இருப்பதாக வந்தால், அதை நம்பி மருந்து தொடங்க முடியாது. வேறு முறையில் திரும்ப எடுக்கவேண்டும். அதனால்தான் வைத்தியர் பையில் எடுத்ததை ஏற்காமல் மீண்டும் கேட்கிறார்.

குழந்தை மிகவும் சோர்ந்திருந்தால், காத்திருக்க நேரமில்லை. அப்போது சிறுநீர்த் துவாரத்தினூடாக மிக மெல்லிய குழாயைச் செலுத்தி, சில நிமிடத்தில் சிறுநீரை எடுத்துவிட்டுக் குழாயை அகற்றிவிடுவார்கள். பிள்ளை அழும், அதன்பின் ஒருமுறை இருமுறை சிறுநீர் கழிக்கும்போது எரிவு இருக்கலாம். பெண் பிள்ளை என்பதால் சில பெற்றோர் இதற்குச் சம்மதிக்கப் பயப்படுகிறார்கள். குழாய் போவது சிறுநீர் வரும் துவாரத்தினூடாக மட்டும். அது பிறப்புறுப்பையோ, பிள்ளையின் பிற்காலத் திருமணத்தையோ மகப்பேற்றையோ எந்த வகையிலும் பாதிக்காது. சில இடங்களில், அடிவயிற்றில் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்தே நேராக எடுப்பார்கள். இந்த இரண்டு வழியிலும் தோலின் கிருமி கலப்பது மிகக் குறைவு. அதனால் முடிவு நம்பத்தக்கது.

முதலில் சிறுநீர், பிறகு அன்ரிபயோட்டிக்

எடுத்துக்காட்டில் தாய் மிஞ்சிய மருந்தைக் கொடுக்காதது ஏன் சரி? அன்ரிபயோட்டிக் சிறுநீரில் நன்றாகவே போய்ச் சேரும். ஒரு தடவை கொடுத்தாலே, அடுத்து எடுக்கும் சிறுநீரில் கிருமி வளராமல் போகலாம். அறிக்கை "கிருமி வளரவில்லை" என்று வரும். ஆனால் நோய் மாறியிருக்காது. அரைகுறையாக அடக்கப்பட்டிருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அதன்பின் அறிய வழியில்லை. அத்துடன் ஒரு பிள்ளைக்கு ஒரு நோய்க்காகத் தந்த மருந்தின் அளவு இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தாது. கலக்கிய பாணி மருந்து சில நாட்களில் பழுதாகியும் விடும்.

ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஏச்சு விழும் என்று மறைக்காதீர்கள். மருந்தின் போத்தலையே கொண்டுவந்து காட்டுங்கள். அறிக்கையைச் சரியாக வாசிக்க வைத்தியருக்கு அந்தத் தகவல் தேவை.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் கொடுப்பது சிறுநீர்ப் பரிசோதனையைக் கெடுக்காது. குழந்தையின் எடைக்கேற்ப வைத்தியர் சொன்ன அளவில் கொடுக்கலாம். டெங்கு இருக்கக்கூடும் என்பதால் இபுபுரோபன், அஸ்பிரின், டைக்குளோபெனக் போன்றவற்றைக் கொடுக்கவே வேண்டாம். பரசிற்றமோலுக்குக் காய்ச்சல் குறைந்தது என்பதற்காகச் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தொற்றினால் வரும் காய்ச்சலும் அதற்குக் குறையும்.

அறிக்கை வந்தால்

இரண்டு அறிக்கைகள் வரும். ஒன்று அன்றே கிடைக்கும் சாதாரண சிறுநீர் அறிக்கை. யு.எப்.ஆர். என்று எழுதுவது அதைத்தான். அதில் சீழ்க்கலங்கள் எத்தனை என்று இருக்கும். வேறு காய்ச்சல்களிலும் இவை சற்றுக் கூடலாம். மிகச் சிறிய குழந்தை அடிக்கடி சிறுநீர் கழிப்பதால், தொற்று இருந்தும் இவை குறைவாகவே தெரியலாம். ஆகவே இதை மட்டும் மருந்துக்கடையில் காட்டி மருந்து வாங்காதீர்கள்.

மற்றது கிருமி வளர்ப்பு அறிக்கை. கிருமி வளர்ந்து தெரிய ஒன்று முதல் இரண்டு நாட்கள் வேண்டும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அறிய இன்னும் ஒரு நாள் ஆகலாம். இதை விரைவுபடுத்த முடியாது. மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால், முடிவு வரும் நாளைக் கேட்டு எழுதிக்கொண்டு, அன்று கட்டாயம் போய் வாங்குங்கள். கொடுக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருந்தால் மருந்தை மாற்றவேண்டியிருக்கும். மருந்து தொடங்கி 48 மணித்தியாலமாகியும் காய்ச்சல் விடாவிட்டால், முடிவு வரும்வரை காத்திராமல் திரும்பிப் போங்கள். காய்ச்சல் விட்டாலும் சொன்ன நாள் முழுவதும் மருந்தைக் கொடுத்து முடியுங்கள்.

தொற்று உறுதியானால் சிறுநீரகத்தைப் பார்க்கப் பல குழந்தைகளுக்கு ஸ்கான் எடுப்பார்கள். சிலருக்கு வேறு பரிசோதனைகளும் தேவைப்படும். பிள்ளை தேறிவிட்டது என்று அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். பின்னோக்கி ஏறும் குறைபாடு இருப்பது அங்கேதான் தெரியவரும்.

கடதாசியைப் பத்திரப்படுத்துங்கள்

இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, இப்போது திரும்பி வந்த குடும்பங்களின் குழந்தைகளை ஒரே வைத்தியர் தொடர்ந்து பார்த்திருக்கமாட்டார். முன்பு தொற்று வந்த குழந்தைக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். புதிய வைத்தியருக்கு அது தெரிய ஒரே வழி நீங்கள் கையில் கொண்டுபோகும் கடதாசி. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் நோய் விபர அட்டையையும், கிருமி வளர்ப்பு அறிக்கையையும், ஸ்கான் அறிக்கையையும் ஒரு பொலித்தீன் உறையிலிட்டு, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுக்குள் வையுங்கள். பதிவேடு தொலைந்திருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிப் புதியது பெறுங்கள். முன்பு தொற்று வந்ததை அதில் எழுதுவியுங்கள். அடுத்தமுறை காய்ச்சல் வந்தால், முதல் நாளோ இரண்டாம் நாளோ சென்று, "முன்பு சிறுநீரில் தொற்று வந்த பிள்ளை" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியவை

- மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் (100.4 பாகை பரனைற்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல். வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், இரவென்றாலும் கொண்டுபோகவேண்டும்.
- பால் குடிக்க மறுத்தல், அல்லது குடிப்பதையெல்லாம் சத்தி எடுத்தல்.
- எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல்.
- மூச்சு வேகமாக வாங்குதல், கைகால் குளிர்ந்து நிறம் மாறுதல், உடலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள்.
- ஆறு முதல் எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதிருத்தல்.

இந்த நிலையில் வீட்டில் சிறுநீர் பிடிக்க முயன்று நேரத்தைக் கழிக்கவேண்டாம். மாதிரியை வைத்தியசாலையில் எடுத்துக்கொள்வார்கள். பாலைக் கொடுத்துக்கொண்டே, பதிவேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.